கீரை வாடி வருகிறதா, அரிசி மாறி வருகிறதா? ஆன்லைன் மளிகைக்கு அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஆன்லைனில் காய்கறி, பால், கோழி வாங்கும் வீடுகளில் புகார்கள் பல விதமாக வரும். கீரை கறுத்துவிட்டது, தயிர் புளித்துவிட்டது, கேட்ட அரிசி வரவில்லை, பணம் திரும்ப வரவில்லை. எல்லாவற்றுக்கும் "அந்த ஆப்பே சரியில்லை" என்று சொல்லிவிட்டு வேறு ஆப்புக்கு மாறுவார்கள். அங்கேயும் கொஞ்ச நாளில் அதே கதை நடக்கும். கோளாறு பெரும்பாலும் மூன்று இடங்களில் ஒன்றில்தான் இருக்கிறது. நாம் எடுத்த ஸ்லாட், மாற்றுப் பொருளுக்கு நாம் கொடுத்த அனுமதி, கெட்டுப்போனால் திருப்பித் தரும் விதி. எந்த இடத்தில் கோளாறு என்பதை வந்த பொருளைப் பார்த்தே சொல்லிவிட முடியும். அதைத்தான் இங்கே ஒவ்வொரு அறிகுறியாக எடுத்துப் பார்க்கப் போகிறேன்.

சேலம் அழகாபுரத்தில் இருக்கும் என் தங்கை வீட்டு ஆர்டர் ஒன்றை முழுக்கவும் உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அவள் வங்கியில் வேலை பார்க்கிறாள். கணவருக்கு ஷிப்ட் வேலை. இரண்டு பிள்ளைகள், வீட்டோடு மாமியார். வெள்ளிக்கிழமை இரவு ஆர்டர் போட்டு, சனிக்கிழமை காலை 7 முதல் 9 மணி ஸ்லாட்டில் வாங்கினாள். அரைக்கீரை இரண்டு கட்டு, தக்காளி, சின்ன வெங்காயம், இட்லி அரிசி 5 கிலோ, பால் நாலு பாக்கெட், கப் தயிர், முட்டை, ஒரு கிலோ கோழி. வந்து சேர்ந்தபோது கீரைக் கட்டின் நடுப்பகுதி கறுத்திருந்தது. இட்லி அரிசிக்குப் பதில் பொன்னி பச்சரிசி இருந்தது. தயிருக்கு இன்னும் இரண்டே நாள் தேதி பாக்கி. இதையெல்லாம் அவள் முழுதாகப் பார்த்தது மாலை ஆறு மணிக்கு, வேலை முடிந்து வந்த பிறகு. அப்போது ஆப்பில் புகார் பட்டனே காணோம்.

ஒரே பை, நாலு பிழை. நாலுக்கும் காரணம் வேறு வேறு.

அறிகுறி: கீரையும் கொத்தமல்லியும் வரும்போதே வாடியிருக்கின்றன, அல்லது மாலைக்குள் அழுகுகின்றன

முதலில் கட்டைப் பிரித்துத் தண்டின் வெட்டு முனையைப் பாருங்கள். இலையைவிட அந்த முனைதான் உண்மையைச் சொல்லும். வெட்டு ஈரமாக, வெளிர்பச்சையாக இருந்தால் அன்றைக்கோ முந்தைய மாலையோ அறுத்தது. பழுப்பேறிக் காய்ந்திருந்தால் அதைவிடப் பழையது.

இலை தளர்ந்து தொங்குகிறது, ஆனால் தண்டு ஒடித்தால் சட்டென்று ஒடிகிறது, வாடை எதுவும் இல்லை என்றால் அது கெட்டுப்போன கீரை இல்லை. வழியில் நீர் இழந்திருக்கிறது, அவ்வளவுதான். தண்டு முனையைக் கொஞ்சம் நறுக்கிவிட்டு அரை மணி நேரம் தண்ணீரில் நிறுத்தி வைத்தால் நிமிர்ந்துவிடும். இதற்குப் புகார் தேவையில்லை.

கட்டின் நடுவில் கறுத்து வழவழப்பாக இருந்து, நாறவும் செய்தால் அது பழைய சரக்கு. தங்கை வீட்டில் வந்தது இதுதான். இன்னொரு வகை இருக்கிறது: வெட்டு முனை புதிதாக இருக்கும், ஆனால் பிளாஸ்டிக் கவருக்குள் நீர்த்துளி கோத்துக்கொண்டிருக்கும். பளிச்சென்று தெரிவதற்காகத் தண்ணீர் தெளித்துக் கட்டிய கீரை அது. காலையில் அழகாக இருக்கும், மாலைக்குள் அழுகும். வந்தவுடன் கவரிலிருந்து எடுத்து, துணியில் பரப்பி ஈரம் போக்கி, பழைய செய்தித்தாளில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும்.

சரி, பழைய சரக்கு ஏன் வருகிறது? இங்கேதான் ஸ்லாட்டைப் பார்க்க வேண்டும். காலையில் முதல் ஸ்லாட் எடுத்தால் அன்றைக்கு வந்த காய் கிடைக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் ஏழு மணிக்கு வாசலுக்கு வரும் பையை அதற்கு முன்பே கிடங்கில் எடுத்துக் கட்டியாக வேண்டும். காய் லோடு அதற்குப் பிறகு வந்தால், உங்கள் பைக்குள் போவது நேற்றைய மிச்சம். இதைக் கண்டுபிடிக்க ஆப்பில் வழி கிடையாது. கொண்டுவரும் பையனிடம் கேட்டால் போதும். தங்கை கேட்டபோது அவர் சொன்னது: "அக்கா, காய் வண்டி ஏழரை எட்டுக்குத்தான் வருங்க. ஏழு மணி ஆர்டருக்கு எல்லாம் ராத்திரி இருந்ததுல இருந்துதான் எடுப்பாங்க."

கேட்க வாய்ப்பில்லை என்றால் ஒரு சோதனை செய்யலாம். ஒரு வாரம் முதல் ஸ்லாட்டில் ஒரு கட்டு கீரை, அடுத்த வாரம் அதே நாளில் பத்து மணிக்கு மேல் உள்ள ஸ்லாட்டில் அதே கீரை. இரண்டு முறையும் வெட்டு முனையைப் படம் எடுத்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் தெரிந்தால் உங்கள் பகுதிக் கிடங்கின் லோடு நேரம் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. வித்தியாசமே இல்லாமல் இரண்டு முறையும் பழையதாக வந்தால், அந்தக் கடையில் கீரை நன்றாக ஓடுவதில்லை என்று பொருள். ஸ்லாட்டை மாற்றி அதைச் சரி செய்ய முடியாது.

தீர்வு, ஆர்டரைப் பிரிப்பது. பால், முட்டை, மளிகை முதல் ஸ்லாட்டில் வரட்டும். இலைக் காய்கள் பத்து மணிக்கு மேல் வரட்டும். இப்படிப் பிரித்தால் இரண்டு டெலிவரிக் கட்டணம் விழும், சில கடைகளில் குறைந்தபட்ச ஆர்டர் தொகையும் குறுக்கே நிற்கும். அந்தக் கட்டணம் கீரையின் விலையைவிட அதிகம் என்றால் கீரையை ஆன்லைனில் வாங்கவே வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. சேலத்தில் சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, தாதகாப்பட்டி என்று உழவர் சந்தைகள் இருக்கின்றன. விடியலில் அறுத்து வந்த கீரையோடு எந்தக் கிடங்கும் போட்டி போட முடியாது. தங்கை வீட்டில் இப்போது கீரை மட்டும் மாமியார் பொறுப்பு, தெருவில் வரும் அம்மாவிடம் வாங்கிக்கொள்கிறார். மற்றதெல்லாம் ஆப்பில்.

தக்காளி, வாழைப்பழம், மாம்பழம் பற்றி ஒரு வார்த்தை. இவை காயாக வந்தால் அது கெட்ட சரக்கு இல்லை. கனிய வைத்துச் சாப்பிட வேண்டியவை. மல்கோவா ஒரு விசேஷத்துக்கு வேண்டுமென்றால் மூன்று நாலு நாள் முன்பே வாங்கிவிடுங்கள், பழுத்த நிலையை ஆப்பில் தேர்ந்தெடுக்க முடியாது. காயாக வந்ததைப் பயந்து ஃபிரிட்ஜில் வைத்தால்தான் பிரச்சினை வரும். வாழை கறுக்கும், தக்காளி ருசி இழக்கும், மாங்காய் கனியாமலே சுருங்கும்.

அறிகுறி: தயிர், பிரெட், மாவு பாக்கெட்டில் தேதி முடியப் போகிறது

கடைக்குப் போனால் பாக்கெட்டைத் திருப்பித் தேதி பார்த்து, பின்வரிசையிலிருந்து எடுப்போம். ஆப்பில் அது முடியாது. பொருளின் பக்கத்தில் விலை, எடை, தயாரிப்பாளர் பெயர் எல்லாம் இருக்கும், தயாரித்த தேதி இருக்காது. அதை மறைத்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். பொட்டலப் பொருள்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகள், ஆன்லைன் கடைகள் தங்கள் பக்கத்தில் காட்ட வேண்டிய விவரங்களிலிருந்து தயாரித்த மாதம், வருடத்துக்கு மட்டும் விலக்கு அளித்திருக்கின்றன. அதனால் நமக்குத் தேதி தெரிவது பை கைக்கு வந்த பிறகுதான்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பக்கத்தில் "ஷெல்ஃப் லைஃப் 15 நாள்" என்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, வாங்கியதிலிருந்து 15 நாள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது தயாரித்த நாளிலிருந்து கணக்கு. உங்களுக்கு மிச்சம் எத்தனை என்று அது சொல்லவே இல்லை.

மிச்சம் எத்தனை நாள் இருக்க வேண்டும் என்பதற்கு இப்போது ஓர் அளவுகோல் இருக்கிறது. 2024 நவம்பரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் உணவு விற்பனை நிறுவனங்களைக் கூட்டி, வாடிக்கையாளர் கையில் பொருள் சேரும்போது அதன் ஆயுளில் குறைந்தது 30 சதவீதமோ, அல்லது காலாவதிக்கு 45 நாளோ மிச்சம் இருக்க வேண்டும் என்று சொன்னது. தயிர், பிரெட் மாதிரி குறுகிய ஆயுள் பொருளுக்கு 45 நாள் பொருந்தாது, 30 சதவீதக் கணக்குத்தான். தங்கை வீட்டுத் தயிருக்குப் போட்டுப் பார்ப்போம். மொத்த ஆயுள் 15 நாள். அதில் 30 சதவீதம் நாலரை நாள். வந்தபோது மிச்சம் இருந்தது இரண்டு நாள். ஆக, தயிர் கெட்டிருக்கவில்லை என்றாலும் புகார் செய்ய நியாயமான காரணம் இருக்கிறது. புகாரில் "தேதி கிட்டத்தில் இருக்கிறது" என்று எழுதுவதைவிட "15 நாள் ஆயுளில் 2 நாள்தான் மிச்சம்" என்று எழுதினால் பதில் சீக்கிரம் வரும்.

இந்தப் பிழை திரும்பத் திரும்ப வந்தால் தள்ளுபடியைக் கவனியுங்கள். தயிர், சீஸ், பிரெட்டுக்குத் திடீரென்று பெரிய தள்ளுபடி வருவது பல நேரம் தேதி நெருங்கிய சரக்கைத் தள்ளிவிடுவதற்குத்தான். அன்றைக்கே செலவாகும் என்றால் தாராளமாக வாங்கலாம். வாரம் முழுக்க வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் வேண்டாம்.

அறிகுறி: பால் காய்ச்சும்போது திரிகிறது, கோழி குளிர்ச்சி இல்லாமல் வருகிறது

பால் திரிந்தால் உடனே கடையைக் குறை சொல்வதற்கு முன் ஒரு பாக்கெட்டை மட்டும், நன்றாகக் கழுவிய வேறு பாத்திரத்தில் காய்ச்சிப் பாருங்கள். பழைய பால் ஒட்டிய பாத்திரமும், முந்தின நாள் மிச்சப் பாலைக் கலப்பதும் நல்ல பாலையும் திரித்துவிடும். தனியாகக் காய்ச்சியும் திரிந்தால், தேதியும் சரியாக இருந்தால், பால் வழியில் சூடு பட்டிருக்கிறது. சேலத்தில் சித்திரை வெயிலில் கதவோரம் கிடந்த பாலுக்கு அதற்கு அதிக நேரம் பிடிக்காது. நாலு பாக்கெட்டையும் ஒன்றாக ஊற்றும் பழக்கம் இருந்தால், முதலில் ஒரு சின்னக் கரண்டி அளவு காய்ச்சிப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

இதற்குத் தீர்வு ஆப்பில் டெலிவரிக் குறிப்பு எழுதும் இடத்தில் இருக்கிறது. "வாசலில் வைத்துவிடலாம்" என்ற தேர்வு போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். அடுக்குமாடியில் காவலாளியிடம் கொடுக்கச் சொல்லும் பழக்கம் மளிகைக்குச் சரி, பாலுக்கும் இறைச்சிக்கும் சரியில்லை. வீட்டில் ஆள் இருக்கும் நேரத்துக்கே இவற்றின் ஸ்லாட்டை எடுங்கள். இரண்டு மணி நேர ஸ்லாட் என்றால் அந்த இரண்டு மணி நேரமும் ஆள் இருக்க வேண்டும். எட்டே முக்காலுக்கு வீட்டைப் பூட்டுகிறவர்கள் 7-9 ஸ்லாட் எடுப்பது, பால் வராந்தாவில் காய்வதற்கான ஏற்பாடு.

கோழிக்குச் சோதனை தொடுவதுதான். பை கைக்குச் சில்லென்று இருக்க வேண்டும். ஐஸ் பாக்கெட் முழுக்க உருகி, தட்டில் நீர் கோத்து, கோழி கையின் சூட்டுக்கு வந்துவிட்டது என்றால் வாசலிலேயே திருப்பிக் கொடுங்கள். "நன்றாக வேக வைத்துவிட்டால் போச்சு" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கிருமி செத்தாலும் சில கிருமிகள் விட்டுப்போன நஞ்சு கொதியிலும் போகாது. குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கும் வீட்டில் இதில் தாட்சண்யம் பார்க்கக்கூடாது.

அறிகுறி: கேட்டது ஒன்று, வந்தது ஒன்று

இட்லி அரிசிக்குப் பதில் பச்சரிசி வந்தது ஏன்? கிடங்கில் பொருள் எடுப்பவர் கையில் ஒரு கருவி இருக்கும். நீங்கள் கேட்டது அலமாரியில் இல்லை என்று அவர் அழுத்தியதும், அதே பிரிவில், கிட்டத்தட்ட அதே எடையில், அதே விலையில் இருப்பதை அது காட்டும். அவருக்கு இருப்பது சில நொடிகள். கணக்கில் இரண்டும் "அரிசி, 5 கிலோ". புழுங்கலும் பச்சையும் சமையலறையில் வேறு வேறு பொருள் என்பது அந்தக் கணக்கில் இல்லை. அதனால் இது அவருடைய கவனக்குறைவு என்று கோபப்படுவதில் பயனில்லை. நாம் கொடுத்த அனுமதியைத்தான் திருத்த வேண்டும்.

அந்த அனுமதி பெரும்பாலும் கார்ட் பக்கத்தின் அடியில், பணம் கட்டும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கும். அல்லது ஒவ்வொரு பொருளுக்குக் கீழேயும் சின்னதாக இருக்கும். தேர்வுகள் வழக்கமாக மூன்று: இல்லையென்றால் ஒத்த பொருள் அனுப்பு, என்னைக் கூப்பிட்டுக் கேள், பணத்தைத் திருப்பு. சில இடங்களில் முதல் தேர்வு முன்பே டிக் செய்யப்பட்டு இருக்கும். 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், வாங்குவதற்கான சம்மதத்தை முன்பே டிக் செய்த கட்டங்கள் மூலம் பதிவு செய்யக்கூடாது என்று சொல்கின்றன. அந்த வரியைப் புகாரில் எடுத்துச் சொல்லலாம். ஆனாலும் பணம் கட்டும் முன் டிக்கை எடுப்பது ஒரு நொடி வேலை, புகார் எழுதுவது அரை மணி நேர வேலை.

எல்லாப் பொருளுக்கும் "மாற்று வேண்டாம்" என்று போட்டுவிட்டால் அதுவும் வம்பு. உப்பு வராமல் போகும், சர்க்கரை வராமல் போகும். ஆகவே பிரித்துக்கொள்ளுங்கள். எதற்கும் ஈடாகாதவை சில: இட்லி அரிசி, நல்லெண்ணெய், நீங்கள் வழக்கமாக வாங்கும் கொழுப்பு அளவுள்ள பால், குழந்தைக்கான பால்மாவு, வீட்டில் யாருக்காவது ஒத்துக்கொள்ளாத பொருள் கலந்திருக்கக்கூடிய எதுவும். இவற்றுக்கு மாற்று வேண்டாம். பிராண்ட் மாறினால் பரவாயில்லை, வகை மாறக்கூடாது என்பவை துவரம் பருப்பு, சர்க்கரை, ரவை மாதிரியானவை. பீன்ஸுக்கு அவரைக்காய் வந்தால் சமாளித்துக்கொள்ளலாம். சாம்பாருக்கான சின்ன வெங்காயத்துக்குப் பெரிய வெங்காயம் வந்தால் எங்கள் வீட்டில் யாரும் சமாளிக்க மாட்டார்கள், உங்கள் வீட்டுக் கதை உங்களுக்குத் தெரியும். குறிப்பு எழுத இடம் இருந்தால் இரண்டு மூன்று சொல்லில் எழுதுங்கள். "புழுங்கல் மட்டும்" என்றால் எடுப்பவர் கண்ணில் படும். நீண்ட வாக்கியத்தைப் படிக்க அவருக்கு நேரமில்லை.

"கூப்பிட்டுக் கேள்" என்பது கேட்கப் பிடிக்கும், ஆனால் வேலைக்குப் போகிறவர்களுக்கு அது பொறி. அழைப்பு வருவது பொருள் கொண்டுவரும்போது இல்லை, கிடங்கில் எடுக்கும்போது. ஏழு மணி ஸ்லாட்டுக்கு அது விடியற்காலையில் வரலாம், மாலை ஸ்லாட்டுக்கு நீங்கள் வண்டியில் ஐந்து ரோடு சிக்னலில் நிற்கும்போது வரலாம். எடுக்கவில்லை என்றால் அவர்களே ஒன்றை முடிவு செய்துவிடுவார்கள். ஆகவே எப்போதும் எடுக்கக்கூடிய எண் ஒன்று இருந்தால் மட்டும் அதைத் தேர்ந்தெடுங்கள். தங்கை இப்போது டெலிவரி தொடர்புக்கு மாமியாரின் எண்ணைக் கொடுத்திருக்கிறாள். அரிசியில் அவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை, மறுமுனையில் கேட்கிறவருக்கே பாடம் நடத்திவிடுவார்.

மாற்றுப் பொருளை ஏற்றுக்கொண்டாலும் பில்லைப் பாருங்கள். கேட்டதைவிட விலை குறைந்த பொருள் வந்திருந்தால் வித்தியாசம் திரும்பியிருக்க வேண்டும். விலை கூடியது வந்திருந்தால் அந்தக் கூடுதல் தொகையை யார் ஏற்கிறார்கள் என்று கடையின் விதியில் இருக்கும். சின்னத் தொகைதான், ஆனால் வாராவாரம் சேரும்.

இந்தப் பிழை சில நாள்களில் மட்டும் வருகிறதா என்றும் கவனியுங்கள். அமாவாசை, ஆடி வெள்ளி, கோட்டை மாரியம்மன் பண்டிகை நாள்களுக்கு முந்தின மாலையில் வாழைப்பழம், தேங்காய், வெற்றிலை எல்லாம் ஆப்பில் "இருப்பு உண்டு" என்று காட்டும். நூறு பேர் ஒரே நேரத்தில் வாங்கியிருப்பார்கள், எடுக்கும் நேரத்தில் அலமாரி காலியாக இருக்கும். பூஜைக்கான பொருளுக்கு மாற்று என்பதே கிடையாது. அந்த நாள்களில் இரண்டு நாள் முன்பே வாங்கிவிடுங்கள், அல்லது கடைவீதிக்கு ஒரு நடை போய்விடுங்கள்.

அறிகுறி: புகார் செய்யப் போனால் நேரம் முடிந்துவிட்டது என்கிறது

தங்கை வீட்டில் உண்மையில் பெரிய கோளாறு இதுதான். காலை எட்டு மணிக்கு வந்த பையை மாமியார் வாங்கி உள்ளே வைத்தார். தங்கை மாலை ஆறு மணிக்கு ஆப்பைத் திறந்தபோது, கீரைக்கான புகார் நேரம் கடந்திருந்தது. அழுகும் பொருள்களுக்கு ஒவ்வொரு கடையும் ஒரு கெடு வைத்திருக்கும். சிலர் வாசலிலேயே பார்த்துச் சொல்ல வேண்டும் என்பார்கள், சிலர் சில மணி நேரம் தருவார்கள், சிலர் ஒரு நாள் தருவார்கள். ஒரே கடையில் காய்க்கு ஒரு கெடு, பாலுக்கு ஒரு கெடு, மளிகைக்கு ஒரு கெடு என்றும் இருக்கும். இதை ஆர்டர் போட்ட பிறகு தேடுவதில் பயனில்லை. உதவிப் பக்கத்தில் திருப்பித் தரும் விதியைத் திறந்து, காய்கறி, பால், இறைச்சி மூன்றுக்கும் உள்ள கெடுவை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள்.

பையைத் திறப்பவரும் ஆப் வைத்திருப்பவரும் வேறு வேறு ஆள் என்றால் இடையில் ஒரு பாலம் வேண்டும். தங்கை வீட்டில் இப்போது மாமியார் பை வந்ததும் ஐந்து படம் எடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிறார்: கீரையின் வெட்டு முனை, தயிரின் தேதி, பாலின் தேதி, அரிசிப் பையின் முன்பக்கம், கோழிப் பொட்டலம். தங்கை வேலைக்கு நடுவே ஒரு நிமிடத்தில் பார்த்துவிடுகிறாள். தவறு இருந்தால் அங்கிருந்தே புகார் போய்விடும்.

படத்தில் பொருளும் லேபிளும் ஒன்றாகத் தெரிய வேண்டும். கெட்ட தயிரை மட்டும் படம் எடுத்தால் அது எந்தத் தயிர் என்று கேட்பார்கள். தேதியும் பேட்ச் எண்ணும் தெரியும்படி எடுங்கள். எடை குறைந்திருந்தால் தராசின் மேல் வைத்து எண் தெரிய எடுங்கள். புகாரின் வாசகம் இவ்வளவு போதும்: "இன்று காலை 8 மணிக்கு வந்த ஆர்டரில் இட்லி அரிசி 5 கிலோவுக்குப் பதில் பச்சரிசி வந்திருக்கிறது. மாற்றுப் பொருளுக்கு நான் சம்மதிக்கவில்லை. பையைப் பிரிக்கவில்லை. எடுத்துக்கொண்டு, பணம் கட்டிய கணக்குக்கே தொகையைத் திருப்புங்கள்." கடைசி வரி முக்கியம். அதை எழுதாவிட்டால் பல நேரம் பணம் ஆப்பின் வாலட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடும்.

அரட்டைப் பெட்டியில் மறுத்துவிட்டால் அங்கேயே வாதாட வேண்டாம். அதே 2020 விதிகளின்படி ஆன்லைன் கடை ஒவ்வொன்றும் குறைதீர் அலுவலர் ஒருவரின் பெயரையும் தொடர்பையும் தன் தளத்தில் போட்டிருக்க வேண்டும். அவர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதி செய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். குறைபாடு உள்ள பொருளையோ, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையோ திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக்கூடாது என்றும் அந்த விதிகள் சொல்கின்றன. பச்சரிசிக்கு இது நேராகப் பொருந்தும். அங்கேயும் நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தங்கை விஷயத்தில் அரிசிக்கும் தயிருக்கும் குறைதீர் அலுவலருக்கு எழுதியதோடு பணம் வந்துவிட்டது. கீரைக்கு வரவில்லை. அன்றைய படம் இல்லை, மாலையில் எடுத்த படத்தை வைத்து அது எப்போது கெட்டது என்று சொல்ல முடியவில்லை.

அறிகுறி: ஏற்காட்டு வீட்டுக்கு ஸ்லாட்டே காட்டவில்லை, வந்த பாக்கெட் உப்பியிருக்கிறது

மலையில் வீடு உள்ளவர்களுக்கு ஆப்பில் நகரத்து ஸ்லாட் தெரிகிறது, ஆர்டர் போட்டால் ரத்தாகிறது என்றால் முதலில் முகவரியைப் பாருங்கள். சேலத்தில் இருந்தபோது சேமித்த இடக்குறி அப்படியே இருக்கும், எழுத்தில் மட்டும் ஏற்காடு, 636601 என்று மாற்றியிருப்பீர்கள். ஆப் ஸ்லாட்டைக் காட்டுவது இடக்குறியைப் பார்த்து, பையை அனுப்புவது முகவரியைப் பார்த்து. வரைபடத்தில் குறியை நகர்த்தி மறுபடி சேமித்தால் உண்மையான நிலை தெரியும். ஸ்லாட் காணாமல் போனால் அந்தக் கடை மலைக்கு வருவதில்லை, அவ்வளவுதான். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, பால் பாக்கெட்டைச் சில்லென்று கொண்டுவருவது சின்ன வேலை இல்லை. பருப்பு, எண்ணெய், சோப்பு மாதிரியானவற்றைக் கூரியரில் அனுப்பும் கடையில் வாங்குங்கள். பால், தயிர், காய்கறியை ஏற்காட்டுக் கடைகளிலேயே வாங்குங்கள். நகரத்திலிருந்து யாராவது வரும் நாளில் கோழி வேண்டுமென்றால் ஐஸ் பெட்டியோடு வரச் சொல்லுங்கள். மே மாதக் கோடை விழா நாள்களிலும் வார இறுதியிலும் மலைப்பாதையில் வண்டிகள் நிற்கும், அன்றைக்கு வேண்டாம்.

உப்பிய பாக்கெட் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் சேலத்தைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. கீழே அடைத்த பாக்கெட்டுக்குள் இருக்கும் காற்று மேலே வந்ததும் விரியும். சிப்ஸ் பாக்கெட் தலையணை மாதிரி ஆகும், தயிர் கப்பின் மூடி மேலெழும்பும். இதனால் பொருள் கெட்டதாக ஆகிவிடாது.

ஆனால் தயிரும் தோசை மாவும் கெட்டாலும் உப்பும். இரண்டையும் பிரித்தறிய, அதே பையில் வந்த சிப்ஸையோ பிஸ்கட்டையோ பாருங்கள். அதுவும் உப்பியிருந்தால் உயரம் ஒரு காரணம். அது தட்டையாக இருந்து தயிர் மட்டும் உப்பியிருந்தால் உள்ளே வாயு உண்டாகியிருக்கிறது, திறக்காமல் தேதியோடு படம் எடுத்துத் திருப்பி அனுப்புங்கள். எல்லாமே உப்பியிருக்கும்போது தயிரில் சந்தேகம் வந்தால் மூடியைத் திறந்து பாருங்கள். உயரத்தால் உப்பியது திறந்ததும் அடங்கிவிடும், தயிர் கட்டியாக, வழக்கமான வாசனையோடு இருக்கும். கெட்டதில் நுரையும் குமிழும் தெரியும், ஈஸ்ட் வாடை அடிக்கும். மாவு புளித்து எழும்புவது அதன் இயல்பு என்பதால் மாவுக்கு இந்தச் சோதனை சரிவராது. அதற்குத் தேதியையும் மூக்கையும்தான் நம்ப வேண்டும், மலைக்கு மாவு பாக்கெட் வாங்காமல் அங்கேயே அரைத்துக்கொள்வது இன்னும் நல்லது.